ஒரு ரத்து, இரண்டு வரவு

860 ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்த பயணி ஒருவருக்கு 1,720 ரூபாய் திரும்பப் போயிருந்தது. நான் அப்போது ஒரு பஸ் டிக்கெட் நிறுவனத்தில் புரோகிராமர். இந்தத் தவறை யாரும் எங்களிடம் புகாராகக் கொண்டுவரவில்லை. பணம் வராவிட்டால் ஐந்தாவது நிமிடம் போன் அடிக்கும். இரண்டு மடங்காக வந்தால் யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்? மாதக் கடைசியில், ரத்தான டிக்கெட்டுகளின் மொத்தமும் வாலட்டுகளுக்குப் போன மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்று கணக்குப் பிரிவு அக்கா ஒரு பட்டியலோடு வந்து நின்றார். "தம்பி, இந்த ஆளுக்கு ஒரே ரத்து, ரெண்டு வரவு. இப்படி இன்னும் சிலது இருக்கு, பாருங்க."

பார்த்தோம். அந்த வேலையைச் செய்யும் நிரல் பத்து வரிகூட இல்லை. அதற்கு டெஸ்ட்டுகளும் எழுதி வைத்திருந்தோம், எல்லாமே பச்சை. ஆனால் எங்கள் டெஸ்ட் உலகத்தில் ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒரு முறைதான் வந்தது, அனுப்பிய வரிசையிலேயே வந்தது, வேலையின் நடுவில் எந்த நிரலும் செத்து விழவில்லை. நிஜத்தில் இந்த மூன்றும் நடக்கும்.

பயணி ரத்து பொத்தானை அழுத்தியதும் இணையதளம் நேரே போய்ப் பணத்தைப் போடுவதில்லை. "ரத்து எண் இன்னது, பயணி இன்னார், 860 ரூபாய் திரும்பத் தரவும்" என்று ஒரு சீட்டு எழுதி ஓரிடத்தில் போட்டுவிட்டு அடுத்த பயணியைக் கவனிக்கப் போய்விடும். சீட்டுகள் காத்திருக்கும் அந்த இடம்தான் மெசேஜ் க்யூ. மறுமுனையில் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வேலையை முடிக்கும் நிரலுக்கு கன்ஸ்யூமர் என்று பெயர். பொங்கலுக்கு முந்தைய இரவு ஆயிரம் பேர் ஒன்றாக ரத்து செய்தாலும் தளம் திணறாது. சீட்டுகள் சேரும், மெதுவாகக் கரையும்.

சீட்டை எடுத்துக் கொடுத்த கையோடு க்யூ அதைக் கிழித்துப் போடுவதில்லை. கன்ஸ்யூமர் "முடித்துவிட்டேன்" என்று சொல்லும்வரை ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்திருக்கும். பதிவுத் தபாலில் கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புகை அட்டையைப் போன்றது அது. எங்கள் புழக்கத்தில் அதன் பெயர் 'அக்'. அக் வராமல் இணைப்பு அறுந்தால், சீட்டு போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி க்யூ அதை மறுபடி யாரிடமாவது கொடுக்கும். வேலையே நடக்கவில்லையா, நடந்து முடிந்து அட்டை மட்டும் தொலைந்ததா என்று க்யூவுக்குத் தெரிய வழியில்லை. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தொலையக்கூடிய பாதையில் செய்தி அனுப்பும் இருவர், தாங்கள் ஒத்துப்போய்விட்டோம் என்று ஒருபோதும் முழு நிச்சயத்துக்கு வர முடியாது என்பதை 1975லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டிவிட்டார்கள். 1978இல் ஜிம் கிரே அதற்கு இரு தளபதிகளின் புதிர் என்று பெயர் வைத்தார். ஆகவே விலை கூடிய க்யூ வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று நினைப்பதில் பயனில்லை. அமேசானின் எஸ்க்யூஎஸ் சாதாரண வரிசையும், அக் வாங்கிக்கொள்ளும் ரேபிட்எம்க்யூவும் தரும் வாக்குறுதி 'குறைந்தது ஒரு முறை' என்பதே.

அக்கே கேட்காமல், கொடுத்ததும் மறந்துவிடும்படியும் க்யூவை அமைக்கலாம். அப்போது இரட்டிப்பு வராது, சீட்டு தொலைந்துபோகும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் இரட்டிப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது முறை வந்த சீட்டை அடையாளம் கண்டு ஒதுக்க முடியும், தொலைந்த சீட்டைத் தேடக்கூட ஒரு நுனி கிடைக்காது.

இரண்டு வரிகளுக்கு நடுவே

எங்கள் கன்ஸ்யூமர் இப்படித்தான் இருந்தது:

```python
def on_message(ch, method, props, body):
    m = json.loads(body)
    add_to_wallet(m["user"], m["amount"])
    db.commit()
    ch.basic_ack(method.delivery_tag)
```

`commit` வரியில் பணம் டேட்டாபேஸில் நிலைத்துவிடுகிறது. அடுத்த வரியில் அக் போகிறது. `commit`டுக்கு முன்னால் நிரல் செத்தால், டேட்டாபேஸ் பாதி வேலையை மறந்துவிடும், சீட்டு திரும்ப வரும், ஒரு கேடும் இல்லை. அக் போய்ச் சேர்ந்த பிறகு செத்தாலும் கேடில்லை. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே செத்தால் மட்டும் பணம் போயிருக்கும், அட்டை போயிருக்காது. அந்த இடைவெளி சில மில்லிசெகண்டுதான். ஆனால் நிரல் சாவது அபூர்வமான சங்கதி இல்லை. புதிய பதிப்பு ஏற்றும்போதெல்லாம் பழைய நிரலைக் கொல்கிறோம். நினைவகம் தீர்ந்தால் இயங்குதளமே கொல்லும். நாளுக்கு ஆயிரக்கணக்கான சீட்டுகள் அந்த இடைவெளியைக் கடக்கும்போது, என்றாவது ஒன்று மாட்டிக்கொள்ளும்.

அந்தத் தற்செயலுக்காகக் காத்திராமல், நிரலைச் சரியாக அந்த இடத்தில் நாமே சாகடிப்பதுதான் சோதனை. அதற்கு மூன்று வரி போதும்:

```python
def crash_point(name):
    if os.environ.get("CRASH_AT") == name:
        os.kill(os.getpid(), signal.SIGKILL)
```

`commit`டுக்கும் அக்குக்கும் நடுவே `crash_point("after_commit")` என்று ஒரு வரி சேர்க்கிறோம். `CRASH_AT` என்ற மாறி நிஜ சர்வரில் இருக்காது, அதனால் அங்கே ஒன்றும் ஆகாது. டெஸ்ட் செய்வது இதுதான். உண்மையான ரேபிட்எம்க்யூவையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் கன்டெய்னரில் எழுப்புகிறது. 860 ரூபாய்க்கு ஒரு சீட்டைப் போடுகிறது. `CRASH_AT=after_commit` என்று சொல்லி கன்ஸ்யூமரைத் தனி புராசஸாகக் கிளப்புகிறது. அது உண்மையிலேயே செத்ததா என்று பார்க்கிறது. பைத்தானில் வெளியேறும் எண் -9 என்று வரும், ஷெல்லில் 137. பிறகு அந்த மாறி இல்லாமல் கன்ஸ்யூமரை மறுபடி கிளப்பி, க்யூ காலியாகும்வரை காத்திருந்து, வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது.

முதல் ஓட்டத்திலேயே திரையில் 1720 வந்தது. ஒரு மாதம் மறைந்திருந்த தவறு பத்து நொடியில் கண்முன் வந்து நின்றது.

இதில் நாங்கள் இரண்டு இடங்களில் வழுக்கினோம். முதலில் நிரலைக் கொல்லாமல், அந்த வரியில் ஓர் எக்செப்ஷனை வீசிப் பார்த்தோம். டெஸ்ட் பச்சையாகிவிட்டது. ஏனென்றால் எங்கள் நிரலில் எக்செப்ஷனைப் பிடித்து, "இந்தச் சீட்டு வேண்டாம், திருப்பித் தராதே" என்று க்யூவிடம் மரியாதையாகச் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. செத்தவன் மரியாதை சொல்ல மாட்டான். SIGKILL எனும் சிக்னலை எந்த நிரலாலும் பிடித்துவைக்க முடியாது, கடைசி வார்த்தைக்கு அவகாசமே இல்லை. டாக்கரில் சோதிப்பவர்களுக்கும் இதே வித்தியாசம் உண்டு. `docker stop` முதலில் சொல்லிப் பார்த்து, 10 நொடி பொறுத்துத்தான் கொல்லும். `docker kill` கேட்காமலே கொல்லும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

க்யூ காலியாகிவிட்டதா என்று பார்ப்பதில் இரண்டாவது வழுக்கல். காத்திருக்கும் சீட்டுகளை மட்டும் எண்ணினால், யாரோ கையில் எடுத்து இன்னும் அக் தராத சீட்டு கணக்கில் வராது. டெஸ்ட் அவசரப்பட்டு வாலட்டைப் பார்த்து, 860 இருக்கிறது, சரி என்று முடித்துவிடும். அடுத்த நொடி இரண்டாவது 860 விழும். இரண்டு எண்களும் பூஜ்யமாகும்வரை பொறுக்க வேண்டும்:

```
rabbitmqctl list_queues name messages_ready messages_unacknowledged
```

இனி தீர்வு. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பெயரையும் தொகையையும் ஒரே வரியில் எழுதுகிறார். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போய்விட்டு வந்தாலும் நோட்டைப் பார்த்தால் போதும், வரி இருந்தால் எழுதியாயிற்று. அதையே டேட்டாபேஸில் செய்கிறோம். இந்தச் சீட்டைப் பார்த்துவிட்டோம் என்ற குறிப்பும் பண வரவும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்க வேண்டும்:

```sql
BEGIN;
INSERT INTO processed (msg_id) VALUES ('rf-4471')
  ON CONFLICT DO NOTHING;
UPDATE wallet SET balance = balance + 860 WHERE user_id = 91;
COMMIT;
```

`INSERT` புதிதாக ஒரு வரியைச் சேர்த்தால் மட்டுமே `UPDATE` ஓட வேண்டும். அந்த எண் ஏற்கெனவே இருந்து ஒன்றும் சேரவில்லை என்றால் இது பழைய சீட்டு, அக் மட்டும் அனுப்பிவிட்டு நகர வேண்டியதுதான். வேகமாக இருக்கிறதே என்று குறிப்பை ரெடிஸிலும் பணத்தை போஸ்ட்கிரெஸிலும் வைப்பவர்கள் உண்டு. பெயருக்கு ஒரு நோட்டு, தொகைக்கு ஒரு நோட்டு வைத்த கதைதான். ரெடிஸில் குறித்த பிறகு, `commit`டுக்கு முன்னால் நிரல் செத்தால், திரும்பி வரும் சீட்டைப் பார்த்து "இது முடிந்தது" என்று கன்ஸ்யூமர் ஒதுக்கிவிடும். பயணிக்கு ஒரு ரூபாயும் போகாது. அங்கேயும் ஒரு `crash_point` வைத்துப் பாருங்கள், வாலட்டில் 0 வரும்.

எல்லா இரட்டிப்பும் ஒன்றல்ல

மேலே இருக்கும் `msg_id` எங்கிருந்து வருகிறது என்பதில் நாங்கள் இன்னொரு முறை ஏமாந்தோம். சீட்டைப் போடும்போது லைப்ரரி தானாகவே ஒரு எண் கொடுக்கும், அதையே வைத்துக்கொண்டோம். க்யூ திருப்பித் தரும் சீட்டில் அதே எண் இருக்கும், ஆகவே டெஸ்ட் பச்சை. ஆனால் இரட்டிப்பு க்யூவுக்கு முந்தைய பக்கத்திலும் பிறக்கும். இணையதளம் சீட்டைப் போடுகிறது, வாங்கிக்கொண்டேன் என்ற பதில் வருவதற்குள் நெட்வொர்க் அறுகிறது, தளம் மறுபடி போடுகிறது. இப்போது க்யூவில் இரண்டு சீட்டுகள், இரண்டுக்கும் வெவ்வேறு எண். க்யூவைப் பொறுத்தவரை இரண்டும் புத்தம் புதியவை. அவை ஒன்றுதான் என்பது ரத்து எண்ணைப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதனால் அடையாளம், தொழிலின் சொந்த எண்ணாக இருக்க வேண்டும். டெஸ்ட்டும் ஒரே ரத்து எண்ணை இரண்டு வெவ்வேறு சீட்டாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ரேபிட்எம்க்யூ திரும்ப வரும் சீட்டில் `redelivered` என்று ஒரு முத்திரை குத்தும். அதை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு, இந்த இரண்டு சீட்டுகளிலும் அந்த முத்திரை இருக்காது.

அடுத்து, இரண்டும் ஒரே கணத்தில் வந்தால்? ஒன்று முடிந்த பிறகு மற்றொன்றை அனுப்பும் டெஸ்ட்டில் இது தெரியவே தெரியாது. "முன்பு பார்த்திருக்கிறோமா என்று `SELECT` செய், இல்லையென்றால் பணத்தைப் போடு" என்று எழுதிய நிரல் அந்த டெஸ்ட்டில் அழகாகத் தேறும். இரண்டு கன்ஸ்யூமர்கள் ஒரே நேரத்தில் `SELECT` செய்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் வரும். ஆகவே இரண்டு த்ரெட்களை `SELECT` முடிந்த இடத்தில் நிறுத்திவைத்து, இரண்டும் வந்து சேர்ந்த பிறகு ஒன்றாக அவிழ்த்துவிடும் டெஸ்ட் வேண்டும். பைத்தானில் அதற்கு `threading.Barrier` இருக்கிறது. `ON CONFLICT` வழியில் இந்தக் கேடு இல்லை. ஒருவர் ஒரு எண்ணைச் சேர்த்து இன்னும் `commit` செய்யாமல் இருக்கும்போது இன்னொருவர் அதே எண்ணோடு வந்தால், போஸ்ட்கிரெஸ் அவரைக் காக்க வைக்கும். முதலாமவர் முடித்தால் இரண்டாமவருக்கு இடமில்லை. முதலாமவர் நடுவில் செத்தால் இரண்டாமவர் தொடர்வார்.

இதிலேயே மோசமான வகை ஒன்று உண்டு, பலர் அதைச் சோதிப்பதில்லை. கன்ஸ்யூமர் சாகவில்லை, தூங்கிவிட்டது. எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு சீட்டை எடுத்தால், நாம் மாற்றாதவரை, 30 நொடிகளுக்கு அது மற்றவர்கள் கண்ணில் படாது. வேலை 31 நொடி எடுத்தால் சீட்டு இன்னொரு கன்ஸ்யூமருக்குப் போய்விடும். முதலாவதும் உயிரோடு இருக்கிறது, தன்னிடம்தான் சீட்டு இருக்கிறது என்று நம்பி வேலையைத் தொடர்கிறது. இதை உண்டாக்க `kill -STOP` போதும், நிரல் நின்ற இடத்திலேயே உறையும். அவகாசம் தீர்ந்து இரண்டாவது கன்ஸ்யூமர் வேலையை முடிக்கும்வரை விட்டுவிட்டு, `kill -CONT` கொடுத்து முதலாவதை எழுப்ப வேண்டும். கும்பகர்ணன் எழுந்து என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. டெஸ்ட்டுக்காக அந்த 30 நொடியை 3 நொடியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு டெஸ்ட் எழுதிய பிறகு, ஒரு நாள் மாலை `ON CONFLICT` சொல்லையும் அந்த எண்ணுக்கு இருந்த தனித்துவ விதியையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டினோம். ஒரு டெஸ்ட் பச்சையாகவே இருந்தது. பார்த்தால், அது இரண்டாவது சீட்டைப் போடவே இல்லை. காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

முன்னால் வந்த ரத்து

வரிசை மாறுவது வேறு விதமான நோய். நடத்துநரின் கைக்குப் போகும் பயணிகள் பட்டியலைத் தயாரிக்க இன்னொரு கன்ஸ்யூமர் இருந்தது. ஒரு டிக்கெட்டுக்கு மூன்று சீட்டுகள் வருகின்றன என்று வையுங்கள். பதிவு, 12ஆம் இருக்கையிலிருந்து 5க்கு மாற்றம், கடைசியில் ரத்து. க்யூ அதே வரிசையில்தான் கொடுக்கிறது. ஆனால் இருக்கை மாற்றத்தை எடுத்த கன்ஸ்யூமர் கொஞ்சம் திணறுகிறது, ரத்தை எடுத்த கன்ஸ்யூமர் சட்டென்று முடித்துவிடுகிறது. பிறகு மெதுவாக வந்து சேரும் இருக்கை மாற்றம், ரத்தான டிக்கெட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது. பஸ் 5ஆம் இருக்கை காலியாகவே கிளம்பும். காஃப்காவில் ஒரே பார்ட்டிஷனுக்குள் வரிசை காக்கப்படும், டிக்கெட் எண்ணைச் சாவியாகக் கொடுத்தால் ஒரு டிக்கெட்டின் சீட்டுகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். ஆனால் படித்த சீட்டுகளை நாமே பல த்ரெட்களுக்குப் பங்கு போட்டால் அந்த உறுதியும் போயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. "860 கூட்டு" என்று சொல்லும் சீட்டுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை, எந்த முறையில் கூட்டினாலும் மொத்தம் ஒன்றுதான். இரண்டு முறை வந்தால்தான் ஆபத்து. "இருக்கை 5, நிலை உறுதி" என்று முழு நிலையையும் சொல்லும் சீட்டு பத்து முறை வந்தாலும் கேடில்லை, வரிசை மாறினால்தான் ஆபத்து. ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது. எந்தக் கன்ஸ்யூமருக்கு எந்தச் சோதனை உயிர்நாடி என்பதை, அதற்கு வரும் சீட்டு எந்த வகை என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்று சீட்டுகளை 6 விதமாக அடுக்கலாம். டெஸ்ட் ஆறையும் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் முடிவில் டிக்கெட் 'ரத்து' என்றே நிற்கிறதா என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்ததை எழுதிவிடும் எளிய நிரலில் 2 அடுக்குகள் மட்டுமே தேறின, ரத்து கடைசியில் வரும் அந்த இரண்டு. பிறகு ஒவ்வொரு சீட்டிலும் 1, 2, 3 என்று பதிப்பு எண் வைத்து, தன்னிடம் இருப்பதைவிட எண் பெரிதாக இருந்தால் மட்டுமே மாற்றும்படி எழுதினோம்:

```sql
UPDATE ticket SET status = 'cancelled', version = 3
WHERE ticket_no = 'T88' AND version < 3;
```

இதற்கும் 3 அடுக்குகள்தான் தேறின! பதிவு வருவதற்கு முன்பே ரத்து வந்துவிட்டால், மாற்றுவதற்கு வரியே இருக்காது. `UPDATE` ஒரு வரியையும் தொடாமல், புகார் சொல்லாமல் முடிந்துவிடும். பிறகு வரும் பதிவு, ரத்து என்ற ஒன்று வந்துபோனதே தெரியாமல் டிக்கெட்டை உண்டாக்கும். வரி இல்லாவிட்டால் ரத்தான நிலையிலேயே ஒரு வரியைச் சேர்த்துவைக்க வேண்டும். அதாவது `INSERT ... ON CONFLICT (ticket_no) DO UPDATE` என்று எழுதி, அதன் முடிவில் பதிப்பு எண்ணை ஒப்பிடும் `WHERE` போட வேண்டும். அதன் பிறகே ஆறும் தேறின. ஒவ்வொரு சீட்டும் இருமுறை வரும் என்று சேர்த்துக்கொண்டால் 90 அடுக்குகள். அதையும் முழுதாக ஓட்டலாம், சில நொடிகள்தான். சீட்டுகள் இன்னும் கூடினால் எல்லா அடுக்கையும் ஓட்டிக் கட்டாது. அப்போது கண்டபடி குலுக்கி ஓட்ட வேண்டும், ஆனால் குலுக்கலுக்கு வித்தான எண்ணைத் திரையில் அச்சிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பான டெஸ்ட்டை மறுபடி அதே மாதிரி ஓட்டிப் பார்க்க வழியிருக்காது.

பதிப்பு எண்ணுக்குப் பதிலாக நேரத்தை வைத்தால் என்ன என்று அப்போது ஒருவர் கேட்டார். இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் வைக்கலாம்.

பழைய சீட்டைத் தூக்கிப் போடும் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. சீட்டு முழு நிலையையும் சுமந்து வந்தால்தான் அது செல்லும். இருக்கை மாற்றத்துக்கு 50 ரூபாய் கட்டணமும் வசூலிக்க வேண்டும் என்றால், அந்தச் சீட்டு தாமதமாக வந்தாலும் தூக்கிப் போட முடியாது. அந்த வசூலைத் தனிச் சீட்டாகப் பிரித்து, வாலட் வரவைப் போலவே நடத்தினோம்.

பரிவர்த்தனைக்கு வெளியே

வாலட் நம்முடைய டேட்டாபேஸில் இருக்கிறது. பயணி பணத்தை வங்கிக் கணக்குக்கே கேட்டால், பேமென்ட் கேட்வேயை அழைக்க வேண்டும். அது நம் பரிவர்த்தனைக்குள் அடங்காது. நாம் `ROLLBACK` சொன்னால் வங்கி திருப்பித் தருமா? இதற்காகத்தான் பல கேட்வேக்கள், வேண்டுகோளோடு ஒரு சாவியையும் அனுப்பச் சொல்கின்றன. அதே சாவியோடு மறுபடி கேட்டால் மறுபடி பணம் அனுப்பாமல் பழைய பதிலையே தருகின்றன.

இதைச் சோதிக்க டெஸ்ட்டுக்குள்ளேயே ஒரு பொய் வங்கியை வைத்தோம். அது வேண்டுகோளை வாங்கி, பணம் அனுப்பியதாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, பதில் சொல்லாமல் இணைப்பை அறுத்துவிடும். கன்ஸ்யூமர் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்கும். கடைசியில் பொய் வங்கியின் நோட்டில் எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். எங்களுக்கு இரண்டு இருந்தன. சாவியை ஒவ்வொரு முயற்சியிலும் `uuid4()` கொண்டு புதிதாகச் செய்துகொண்டிருந்தோம். பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது, ஆனால் தினம் ஒரு சாவி! ரத்து எண்ணிலிருந்தே சாவியை உண்டாக்கியதும் ஒன்றாயிற்று. கேட்வேக்கள் சாவியை எந்நாளும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஸ்ட்ரைப், 24 மணி நேரம் கழிந்த சாவிகள் நீக்கப்படலாம் என்று தன் ஆவணத்திலேயே சொல்கிறது. மூன்று நாள் கழித்து மறுபடி முயல்வதாக இருந்தால், இந்த ரத்துக்கு ஏற்கெனவே பணம் போயிருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டே கேட்க வேண்டும்.

எங்களைக் கடைசியாகக் கவிழ்க்கப் பார்த்ததும் இந்த மறதிதான். `processed` அட்டவணை பெருத்துக்கொண்டே போகிறது என்று, 7 நாளுக்கு மேற்பட்ட வரிகளை அழிக்கும் வேலையை ஒருவர் இரவு நேரத்தில் ஓடும்படி வைத்திருந்தார். ஏழு நாள் கழித்து எந்தச் சீட்டு திரும்ப வரப்போகிறது என்று தோன்றும். வரும். பணம் போட்டு `commit` ஆன பிறகு, "860 ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் அனுப்பும் படி இருந்தது. எஸ்எம்எஸ் சேவை பழுதானால் எக்செப்ஷன் எழும், சீட்டு தோல்வியடைந்தவை கிடக்கும் டெட் லெட்டர் க்யூவுக்குப் போய்விடும். அங்கே கிடக்கும் சீட்டுகளின் பணம் எப்போதோ போய்விட்டது. எஸ்எம்எஸ் பகுதியைச் சரிசெய்து, பத்தாம் நாள் யாரோ ஒருவர் அவற்றை மொத்தமாகப் பழைய க்யூவில் கொட்டினால், அடையாளக் குறிப்பு அழிந்துபோயிருக்கும். எல்லோருக்கும் இரண்டாவது முறை பணம் போகும்.

இதைக் கொட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்தோம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன கர்வம் உண்டு. டெஸ்ட் பத்து நாள் காத்திருக்கத் தேவையில்லை. எஸ்எம்எஸ்ஸைத் தோற்க வைத்து சீட்டை டெட் லெட்டருக்கு அனுப்பி, குறிப்பு வரியின் தேதியைப் பத்து நாள் பின்னுக்குத் தள்ளி, அழிக்கும் வேலையை ஓட்டி, சீட்டைத் திரும்பக் கொட்டினால் போதும். 1720 மறுபடி தலைகாட்டியது. அழிக்கும் நாளை 30 ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, அது நாளைத் தள்ளிப்போடுவதுதான். முடிவில் `processed` அட்டவணையையே விட்டுவிட்டோம். வாலட்டின் வரவுப் பேரேட்டில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி இருக்கிறது, கணக்குப் பிரிவு அதை அழிக்க விடாது. அந்த வரியிலேயே ரத்து எண்ணுக்குத் தனித்துவ விதி போட்டோம். பண வரவும் அடையாளமும் இப்போது ஒரே வரி.

எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. நாங்கள் வாங்கிய சேவையில் சாவி வசதி கிடையாது. அனுப்பிய பிறகு, அக்குக்கு முன் நிரல் செத்தால் இரண்டாவது எஸ்எம்எஸ் போகும். ஒன்றும் போகாமல் இருப்பதற்கு இரண்டு போவது மேல் என்று விட்டுவிட்டோம். டெஸ்ட்டிலும் அப்படியே எழுதிவைத்தோம்: வாலட்டில் சரியாக 860, எஸ்எம்எஸ் ஒன்றோ இரண்டோ. சில வாரம் கழித்து ஒரு பயணி கால் சென்டருக்குப் போன் செய்தார். 640 ரூபாய் வரவு என்று ரெண்டு மெசேஜ் வந்திருக்கு, வாலட்ல ஒண்ணுதான் இருக்கு, மிச்சப் பணம் எங்கே என்று கேட்டார்.